1-2 என்ற குறியீடு பிப்ரவரி 1 ஆகிவிடாமல் இருக்க

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்குக் கணக்கு, பில், இருப்புப் பட்டியல் எல்லாம் காரைக்குடியில் இருந்தபடி நான்தான் செய்து தருகிறேன். அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் இரண்டு எண் சேர்ந்த ஒரு குறியீடு உண்டு. முதல் எண் அச்சு எண். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றுகிறார்களே, அந்த உலோக அச்சில் வெட்டியிருக்கும் எண் அது. இரண்டாவது, வண்ணக் கலவையின் எண். ஆக 1-2 என்றால் ஒன்றாம் அச்சு, இரண்டாம் வண்ணம். பட்டறையில் எல்லாரும் 'ஒண்ணு ரெண்டு' என்றுதான் சொல்வார்கள்.

ஒருமுறை பில் மென்பொருளிலிருந்து இருப்புப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து, எக்செலில் திறந்து, அச்சடித்துக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் பட்டறையிலிருந்து போன். "தம்பி, பிப்ரவரி ஒண்ணாம் தேதிக்குத்தானே இந்த 405 கல்லும் வேணும்? நாள் இருக்கே, இப்பவே ஊத்தணுமா?" என்று கேட்டார் மேஸ்திரி. எந்தத் தேதியும் நான் எழுதவில்லையே என்று தாளை எடுத்துப் பார்த்தேன். குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் 01-Feb என்று இருந்தது. அவர் அதை டெலிவரி தேதி என்று எடுத்துக்கொண்டார். அது தேதியைப் போலத்தான் இருந்தது, அவர் மேல் தவறே இல்லை.

1-2 ஏன் தேதியாகிறது, அதை எந்த இடத்தில் தடுக்க வேண்டும் என்பதை முதன்முறையாக இதில் மாட்டிக்கொள்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

சிஎஸ்வி கோப்புக்குள் என்ன இருக்கிறது

சிஎஸ்வி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். என் பட்டியல் இப்படித்தான் இருந்தது:

```
குறியீடு,வண்ணம்,எண்ணிக்கை
1-2,சிவப்பு மஞ்சள்,405
2-1,பச்சை வெள்ளை,300
5-60,ஓரக்கல் கருப்பு,120
14-15,நீலம் வெள்ளை,200
```

அவ்வளவுதான். எழுத்துகள், நடுவில் காற்புள்ளி, வரி முடிந்தால் அடுத்த வரி. 'முதல் நிரல் குறியீடு, அதைத் தொடாதே', 'மூன்றாம் நிரல் எண், அதைக் கூட்டலாம்' என்று சொல்லி வைக்க இந்தக் கோப்பில் இடமே கிடையாது. எக்செல் சேமிக்கும் .xlsx கோப்பில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அது எழுத்தா, எண்ணா, தேதியா என்ற விவரம் கூடவே போகும். சிஎஸ்வியில் அது போகாது.

ஆகவே சிஎஸ்வியை இரட்டைச் சொடுக்கில் திறந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் எக்செல் தானே ஊகிக்கிறது. நீங்கள் விசைப்பலகையில் அதையே தட்டியிருந்தால் என்ன செய்யுமோ அதையேதான் இங்கும் செய்யும். 405 எண் போல் இருக்கிறது, எண் ஆக்கும். 'பச்சை வெள்ளை' எழுத்து, அப்படியே விடும். 1-2 என்பது நாள்-மாதம் போல் இருக்கிறது, தேதி ஆக்கும். வருடம் இல்லாததால் இந்த வருடத்தையே போட்டுக்கொள்ளும். நாம் தேதி தட்டும்போது இது எவ்வளவு வசதி என்று யோசித்தால் எக்செல் ஏன் இப்படிச் செய்கிறது என்று விளங்கும். குறியீடு வரும்போது அதே வசதி நம் தலையில் விழுகிறது.

என் நான்கு வரிகளும் ஒரே மாதிரி மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கணினியில் இந்திய முறைப்படி நாள் முன்னால், மாதம் பின்னால் என்று அமைத்திருந்தால், 1-2 என்பது 01-Feb ஆகிறது. 2-1 என்பது 02-Jan ஆகிறது. 5-60 வேறு வழியில் போகிறது. 60 என்று ஒரு மாதம் இல்லை, அதனால் எக்செல் அதை மாதம்-வருடம் என்று எடுத்துக்கொண்டு May-60, அதாவது 1960 மே 1 ஆக்குகிறது. 14-15க்கு நாள்-மாதமும் பொருந்தவில்லை, மாதம்-வருடமும் பொருந்தவில்லை, அதனால் அது மட்டும் எழுத்தாகத் தப்பித்துவிடுகிறது. பட்டியலில் பாதி சரியாகவும் பாதி தேதியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மேலோட்டமாகப் பார்த்தால், கண்ணில் முதலில் படும் வரி தப்பித்த வரியாக இருந்துவிட்டால், எல்லாம் சரி என்று நினைத்து அனுப்பிவிடுவோம்.

அதே கோப்பை அமெரிக்க முறையில் அமைத்த கணினியில் திறந்தால் 1-2 ஜனவரி 2 ஆகும். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் வீட்டைப் புதுப்பிக்கும் குடும்பங்களுக்குப் பட்டியல் அனுப்புவது இங்கே அன்றாட வேலை. ஒரே கோப்பு இங்கே பிப்ரவரியாகவும் அங்கே ஜனவரியாகவும் தெரிந்தால், போனில் எவ்வளவு பேசினாலும் இருவரும் ஒரே கல்லைத்தான் சொல்கிறோம் என்பது உறுதியாகாது.

திறந்த பிறகு Text என்று மாற்றினால் ஆகாதா?

எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான், நானும் செய்தேன். நிரலைத் தேர்ந்தெடுத்து, Format Cells போய், Text என்று கொடுத்தேன். 01-Feb போய் 46054 வந்து நின்றது.

எக்செலுக்குத் தேதி என்பது உள்ளே ஒரு எண்தான். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து, நாளுக்கு நாள் ஒன்று கூட்டிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2026 பிப்ரவரி 1 என்பது 46054. திரையில் தெரியும் 01-Feb அந்த எண்ணுக்குப் போர்த்திய சட்டைதான். Text என்று மாற்றினால் சட்டை கழன்று எண் வெளியே வருகிறது. 1-2 என்ற எழுத்துகள் அந்தக் கட்டத்தில் எங்குமே இல்லை. கோப்பு திறந்த நொடியிலேயே அவை போய்விட்டன.

தடுப்பது என்றால் திறப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும். மாறிவிட்டது என்று தெரிந்தால் உடனே சேமிக்காமல் மூட வேண்டும். வட்டில் இருக்கும் மூலக் கோப்பில் இன்னும் 1-2 அப்படியே இருக்கும். ஆனால் சேமித்துவிட்டால், எக்செல் திரையில் தெரிவதையே சிஎஸ்வியில் எழுதும். இப்போது நோட்பேடில் திறந்தாலும் 01-Feb தான் இருக்கும், மூலம் போய்விட்டது. 'ஒரு எழுத்துப்பிழை திருத்தலாம்' என்று திறந்து சேமிப்பதில்தான் பெரும்பாலும் பட்டியல் கெடுகிறது.

எக்செலில் சரியாகத் திறக்கும் வழி

கோப்பை இரட்டைச் சொடுக்காதீர்கள். முதலில் எக்செலில் வெற்று ஏடு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மேலே Data தாவலில் From Text/CSV என்று இருக்கும். அதை அழுத்தி உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுத்தால் ஒரு முன்னோட்டச் சாளரம் வரும். அதில் மூன்று பெட்டிகள் இருக்கும்.

முதலாவது File Origin. கோப்பில் தமிழ் இருந்தால் இதில் 65001: Unicode (UTF-8) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் 'பச்சை வெள்ளை' எல்லாம் புரியாத கிறுக்கலாக வரும். இது நம் குறியீட்டுச் சிக்கலோடு சேர்ந்ததில்லை, ஆனால் தமிழ்ப் பட்டியலில் இரண்டும் ஒன்றாகவே வந்து நிற்கும். இரண்டாவது Delimiter, அது Comma. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது, Data Type Detection. அதில் வழக்கமாக Based on first 200 rows என்று இருக்கும். முதல் 200 வரிகளைப் பார்த்து ஒவ்வொரு நிரலும் எந்த வகை என்று ஊகிக்கிறேன் என்று பொருள். அதை Do not detect data types என்று மாற்றுங்கள். முன்னோட்டத்தில் 1-2 என்பது 1-2 ஆகவே தெரியும்.

இப்போது Load அழுத்தினால் குறியீடு காப்பாற்றப்பட்டுவிடும். ஆனால் ஊகிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் எண்ணிக்கை நிரலும் எழுத்தாகவே வரும், கூட்டினால் 0 வரும். தலைப்பு வரியும் தரவோடு தரவாக உள்ளே போய், மேலே Column1, Column2 என்று நிற்கலாம். அதனால் Load அழுத்தாமல், பக்கத்திலுள்ள Transform Data அழுத்துங்கள்.

திறக்கும் சாளரத்தில் Use First Row as Headers என்பதை அழுத்தினால் தலைப்பு மேலே ஏறிக்கொள்ளும். இங்கே ஒரு நிமிடம் நின்று வலப்பக்கம் Applied Steps பட்டியலைப் பாருங்கள். தலைப்பை ஏற்றியதோடு Changed Type என்று ஒரு படியும் தானாகச் சேர்ந்திருக்கலாம். வேண்டாம் என்று சொன்ன ஊகம் பின்வாசல் வழியாகத் திரும்ப வருவது இப்படித்தான். அந்தப் படியின் பக்கத்திலுள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்கிவிடுங்கள். பிறகு எண்ணிக்கை நிரலின் தலைப்பில் இருக்கும் ABC குறியை அழுத்தி Whole Number என்று மட்டும் மாற்றுங்கள். குறியீட்டு நிரலில் ABC அப்படியே இருக்கட்டும். கடைசியாக Close & Load.

கேட்க நீளமாக இருந்தாலும் கைபழகினால் ஒரு நிமிட வேலைதான். இதில் ஒரு நன்மையும் உண்டு. அடுத்த வாரம் அதே பெயரில் புதுக் கோப்பை அதே இடத்தில் வைத்துவிட்டு Refresh அழுத்தினால், இந்தப் படிகள் எல்லாம் தாமே நடக்கும்.

வந்தது சரியா என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. வெற்றுக் கட்டம் ஒன்றில் இதைப் போடுங்கள்:

```
=COUNT(A2:A500)
```

COUNT எண்களை மட்டுமே எண்ணும், தேதியும் அதற்கு எண்தான். குறியீட்டு நிரல் முழுக்க எழுத்தாக இருந்தால் விடை 0. வேறு எந்த எண் வந்தாலும் அத்தனை குறியீடுகள் தேதியாகவோ எண்ணாகவோ மாறிவிட்டன என்று பொருள். பட்டறைக்கு எந்தத் தாளை அனுப்பினாலும் இப்போது முதலில் இதைத்தான் பார்க்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் .xlsx ஆகச் சேமியுங்கள். மறுபடி சிஎஸ்வியாகச் சேமித்தால் உள்ளே 1-2 என்று சரியாகத்தான் எழுதும், ஆனால் அடுத்தவர் அதை இரட்டைச் சொடுக்கினால் கதை முதலிலிருந்து தொடங்கும். காப்பாற்றிய விவரத்தைச் சிஎஸ்வி நினைவில் வைத்துக்கொள்ளாது.

பழைய எக்செல் வைத்திருப்பவர்கள் கோப்பின் பெயரில் .csv என்பதை .txt என்று மாற்றிவிட்டு, எக்செலின் Open வழியாகத் திறக்கலாம். அப்போது மூன்று படிகள் உள்ள ஒரு வழிகாட்டி வரும். முதல் படியில் Delimited, இரண்டாவதில் Comma, மூன்றாவதில் குறியீட்டு நிரலைச் சொடுக்கி Text. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இந்தத் தொல்லை குறைவு, சிஎஸ்வியைத் திறந்தாலே கேள்வி கேட்கும் சாளரம் தானாக வரும். கீழே முன்னோட்டத்தில் நிரலைச் சொடுக்கி Column type என்பதில் Text கொடுத்தால் போதும். கூகுள் ஷீட்ஸில் File, Import என்று போய்க் கோப்பை ஏற்றும்போது, Convert text to numbers, dates, and formulas என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள்.

பலிக்காத வைத்தியங்கள்

சிஎஸ்வியில் 1-2ஐ இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். எடுத்துக்கொள்ளாது. மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வந்தால் அது பிரிப்பான் இல்லை என்று காட்டத்தான் அந்த மேற்கோள். எக்செல் அதை உரித்துவிட்டு, உள்ளே இருப்பதை வழக்கம்போல ஊகிக்கும்.

கையால் தட்டும்போது முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு '1-2 என்று அடித்தால் எழுத்தாக நிற்கும், அது சரிதான். அதையே சிஎஸ்விக்குள் எழுதி வைத்தால், அந்த மேற்கோளும் குறியீட்டின் ஒரு பகுதியாகக் கட்டத்தில் தெரியும். ="1-2" என்று எழுதி வைக்கும் தந்திரம் எக்செலில் வேலை செய்யும், ஆனால் அதே கோப்பைப் படிக்கும் வேறு மென்பொருளுக்கு அந்தச் சமக்குறியும் மேற்கோளும் குப்பை. நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

புதிய எக்செலில் Options, Data என்று போனால் Automatic Data Conversion என்ற பகுதி இருக்கிறது. தேதி மாற்றத்தை நிறுத்தும் ஒரு டிக் அதில் இருப்பதைப் பார்த்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அந்த வரியை நிதானமாகப் படிக்க வேண்டும். Convert continuous letters and numbers to a date என்கிறது. இடைவெளியோ கோடோ இல்லாமல் எழுத்தும் எண்ணும் ஒட்டி வருபவை, அதாவது JAN1 போன்றவைதான் அதில் அடங்கும். நடுவில் கோடு உள்ள 1-2ஐ அது காப்பாற்றாது.

ஏற்கெனவே சேமித்துவிட்டால்

முதலில் மூலக் கோப்பை வேறு எங்கிருந்தாவது எடுக்க முடியுமா பாருங்கள். பில் மென்பொருளிலிருந்து இன்னொரு முறை இறக்கலாம், மின்னஞ்சலில் வந்த இணைப்பு அப்படியே இருக்கும். அதுதான் நம்பகமான வழி. கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் இது:

```
=TEXT(A2,"d-m")
```

01-Feb இருந்த இடத்தில் 1-2 வரும். நிம்மதியாக இருக்கும், ஆனால் 5-60 இருந்த வரியைப் பாருங்கள். அது 1960 மே 1 ஆக மாறியிருந்ததால் இந்தச் சூத்திரம் அதை 1-5 என்று தரும். பட்டறையில் 1-5 என்று உண்மையாகவே வேறொரு கல் இருக்கிறது. தவறு என்று கண்டுபிடிக்க வழியே இல்லாத தவறு இது. அதனால் முதலில் பக்கத்து நிரலில் =YEAR(A2) போட்டு, இந்த வருடம் அல்லாத வரிகளைத் தனியே பிரித்து, அவற்றுக்கு மட்டும் இதைப் பயன்படுத்த வேண்டும்:

```
=TEXT(A2,"m-yy")
```

அமெரிக்க முறைக் கணினியில் மாறிய கோப்பாக இருந்தால் முதல் சூத்திரத்தில் "d-m" இருக்கும் இடத்தில் "m-d" வேண்டும். இல்லாவிட்டால் 1-2 எல்லாம் 2-1 ஆகத் திரும்பும், சிவப்பு மஞ்சள் கேட்ட வீட்டுக்குப் பச்சை வெள்ளை போகும். 01-2, 1-02, 1-2 என்று மூன்றும் தனித்தனிக் குறியீடுகளாக இருந்திருந்தால், அவை ஒரே தேதியாகக் கலந்துவிட்டன. எந்தச் சூத்திரமும் அவற்றைப் பிரித்துத் தராது.

குறியீட்டையே மாற்றிவிட்டால்?

புதிதாகக் குறியீடு வைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: முன்னால் ஒரு எழுத்தைப் போட்டுவிடுங்கள். T1-2 எந்தக் கணினியிலும் T1-2 தான். கோட்டுக்குப் பதில் சாய்கோடு போட்டு 1/2 என்றாலும் தேதியாகும். புள்ளி வைத்து 1.20 என்றால் எண்ணாகி 1.2 ஆகச் சுருங்கும். 1:2 நேரமாகும். எழுத்திலும் ஆங்கில மாதப் பெயர்களைத் தவிர்க்க வேண்டும். மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் அனைத்துலகக் குழு, எக்செலில் தேதியாக மாறுகிறது என்பதற்காகவே MARCH1 என்ற பெயரை MARCHF1 என்றும், SEPT1 என்பதை SEPTIN1 என்றும் மாற்றியதை 2020இல் அறிவித்தது.

பட்டறையில் இதைச் சொன்னபோது முதலாளி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அச்சுல வெட்டியிருக்க நம்பரை நான் மாத்த மாட்டேன் தம்பி. ஊத்துறவங்க கண்ணு அதைத்தான் பார்க்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம். அதனால் அச்சில் 1-2 அப்படியே இருக்கிறது. பில் மென்பொருளில் பொருளின் குறியீட்டை மட்டும் T1-2 என்று மாற்றி வைத்தோம். அச்சடித்த தாளைப் பார்த்து மேஸ்திரி இப்போதும் 'ஒண்ணு ரெண்டு' என்றுதான் படிக்கிறார்.